ரிட்டர்ன் கணக்கைப் போட்டதும் லாபம் இளைச்சுப் போச்சு, சரியா பாருங்க

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். சேலத்துல இருந்து இளம்பிள்ளை சேலைகளை சொந்த சைட்ல விக்கிறேன். வரி நீங்கலா விலை 800. தறிக்காரருக்கு 520 போகுது. கேட்வே கட்டணம் அதுக்கான ஜிஎஸ்டியோட 20, கவர், டப்பா 18, கூரியர் 75. ஆக ஆர்டருக்கு 167 மிச்சம்னு ரொம்ப நாளா நம்பிட்டிருந்தேன்.

போன மாசம் 100 ஆர்டர்ல 12 திரும்பிச்சு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் கேட்வே பிடிச்ச 20 திரும்பி வரலை. போக வர கூரியர், கவர் எல்லாம் சேர்த்து ஒரு ரிட்டர்னுக்கு 188 நஷ்டம். அதுல 4 சேலை மஞ்சக் கறையோட வந்துச்சு, விக்க முடியாது. (கட்டிப் பாத்துட்டுத்தான் அனுப்புறாங்க போல!)

நின்ன 88 ஆர்டர்ல 14,696. அதுல ரிட்டர்ன் நஷ்டம் 2,256, கறை சேலை 2,080 கழிச்சா 10,360. விளம்பரச் செலவு 100 ஆர்டருக்கும் ஆகுறதால 88-ஆல வகுக்காம 100-ஆல வகுத்தேன். ஆர்டருக்கு 103 சொச்சம்தான். விளம்பரத்துக்கே 90 போகுது.

இப்படி வகுத்தது சரிதானா? ரிட்டர்ன் கூரியரை வாங்குறவங்க தலையில வச்சவங்க யாராவது இருக்கீங்களா, ஆர்டர் எவ்வளவு குறைஞ்சுது?