புதுப்பிப்பு: பர்சோனாவில் எதை வைப்பது, எதை வெட்டுவது?

“மாதிரிப் பயனர் ஒருவரை விவரிக்கும் எங்கள் பர்சோனாவில் எது ஆய்விலிருந்து வந்தது, எது கற்பனை என்று எப்படிப் பிரிப்பது?”

உதவிய எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே நேர்காணல் எண்ணை எழுதச் சொன்னவரின் யோசனைதான் கைகொடுத்தது. 22 வரிகளில் 9-க்கு எண்ணே கிடைக்கவில்லை. “காலையில் ஓடப் போவார்” அதில் ஒன்று.

அப்புறம், மிஞ்சியவற்றில் “இது மாறினால் எந்தத் திரை மாறும்?” என்று கேட்டோம். வயது 34 என்பது 54 ஆனாலும் எதுவும் மாறவில்லை, எடுத்துவிட்டோம். பர்சோனாவின் படத்தை மட்டும் நீக்கச் சொன்ன இன்னொரு யோசனை பாதி சரி. படம் போயும் கற்பனை வரிகள் அப்படியே நின்றன.

எதிர்பாராதது: “படிவத்தைப் பாதியில் விட்டு மறுநாள் தொடர்வார்” என்பதை இட்டுக்கட்டியது என்றே நினைத்தோம். 3 நேர்காணல்களில் இருந்தது! வரைவாகச் சேமிக்கும் வசதியை அதனால்தான் சேர்க்கிறோம்.

விற்பனைக் குழு சொன்ன “விலையில் தயங்குவார்” மட்டும் இன்னும் இழுபறி. இப்போதைக்கு ‘அனுமானம்’ என்று குறித்திருக்கிறோம்.