க்ளையன்டுக்கு தப்பான நம்பர் போயிடுச்சு, கரெக்ஷன் மெயில் எப்படி அனுப்பறது?

கோயம்புத்தூர்ல ஒரு ஆட் ஏஜென்சில இருக்கேன். திங்கக்கிழமை காலைல ஒரு ரியல் எஸ்டேட் க்ளையன்டுக்கு வீக்லி ரிப்போர்ட் போச்சு, அதுல லீட் 575, ஒரு லீடுக்கு 320 ரூபாய்னு இருக்கு. ஆனா உண்மைல லீட் 460 தான். செலவு 1,84,000, அதனால ஒரு லீடுக்கு 400 ரூபாய் வருது.

காரணம் கண்டுபிடிச்சாச்சு. டெஸ்ட் லீட், டூப்ளிகேட் எல்லாம் ஃபில்டர் போட்டு மறைச்சிருந்தாங்க, ஆனா டோட்டல்ல இருந்தது `COUNTA`, அது மறைஞ்ச வரிசையையும் சேத்து எண்ணிடும். `SUBTOTAL(103, …)` போட்டதும் சரியான நம்பர் வந்துடுச்சு. பழைய வார ஷீட்டெல்லாம் பாத்துட்டேன், அதுல ஃபில்டரே இல்ல, பிரச்சனை இல்ல.

அவுட்லுக்ல ரீகால் குடுத்து பாத்தேன், வேற கம்பெனி மெயில்ங்கறதால வேலைக்காகல. மேனேஜர் அடுத்த வார ரிப்போர்ட்ல ஓரமா நோட் போட்டுக்கலாம்ங்கறார், எனக்கு அதுல உடன்பாடில்ல, ஏன்னா 320ஐ பாத்துட்டுதான் அவங்க இந்த வாரமே பட்ஜெட் ஏத்தறதா பேசிட்டு இருக்காங்க.

மெயில் ட்ராஃப்ட் ரெடி: முதல் வரிலயே பழைய நம்பர், சரியான நம்பர், அப்புறம் காரணம் ஒரே வரி, திருத்தின ஷீட் அட்டாச்மென்ட்.

சிக்கல் என்னன்னா அந்த ரிப்போர்ட்ட க்ளையன்டோட மார்க்கெட்டிங் ஆள் அவங்க எம்டிக்கு ஃபார்வேர்ட் பண்ணிட்டார், நான் பழைய த்ரெட்ல ரிப்ளை ஆல் போட்டாலும் எம்டிக்கு போகாது. எம்டிய நாமளே சிசில போடலாமா, இல்ல மார்க்கெட்டிங் ஆளுக்கு மட்டும் அனுப்பி அவரையே ஃபார்வேர்ட் பண்ண சொல்லலாமா?