பச்சை காட்டியது, கிணற்றின் மேல் போய் உட்கார்ந்தது: உங்களுக்கும் இப்படி ஆனதுண்டா?

நொய்யல்கரை

ஆறு மாதமாக ராத்திரியில் உட்கார்ந்து யூனிட்டியில் ஊர் கட்டும் விளையாட்டு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். நம்ம பக்கத்து ஊர்தான்: தறிக்குடோன், மஞ்சள் மண்டி, கிணறு, ஆற்றோரம் ஒரு சந்தை. போன ஞாயிறு அத்தை பையன் வந்திருந்தான், விளையாடிப் பார்டா என்று கொடுத்தேன். மண்டியை எடுத்தான், கிணற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான், வைக்கும் முன் மவுஸோடு நகரும் நிழல் கட்டடம், அதாவது கோஸ்ட், பச்சையாகத்தான் இருந்தது, கிளிக் செய்தான், மண்டி நேராகக் கிணற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. "மாமா, தண்ணி எங்க?" என்று கேட்டான் பாருங்க, எனக்கு முகமே இல்லை.

இன்னொன்று. 2×2 மண்டியின் கோஸ்ட் நகரும்போது ஒவ்வொரு கட்டமாக நகராமல் இரண்டிரண்டாகத் தாவுகிறது. 3×3 எடுத்தால் ஒழுங்காக நகர்கிறது, வைத்த இடத்திலேயே உட்காரவும் செய்கிறது. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

காங்கேயம் காளை

ஏனுங்க, கிணத்துக்குப் பக்கத்தில கட்டடம் கட்டுறதுன்னா முதல்ல ஈசானி மூலை பார்க்கணுமுங்க. எங்க அஞ்சு சென்ட்டில மேஸ்திரி கயிறு பிடிச்சதே ஒரு முழம் தள்ளித்தான், அப்புறம் பக்கத்துக் காட்டுக்காரரோட பெரிய வழக்காகிப் போச்சு. சர்வேயரை வச்சு ஒரு தடவை அளந்துருங்க.

நொய்யல்கரை

அண்ணா, இது கம்ப்யூட்டர் விளையாட்டுங்க. ஆனால் மேஸ்திரி கதை அப்படியே என் கதைதான்.

தறிக்குழி

கட்டத்தின் அளவைப் பாதியாக்கிவிடுங்கள், பிரச்சினை முடிந்தது. நான் அப்படித்தான் செய்தேன். 3×3 என்பது 6×6 ஆகிவிடும், 2×2 என்பது 4×4 ஆகிவிடும், எல்லாமே இரட்டைப்படை. ஒற்றை, இரட்டை என்ற தகராறே கிடையாது.

கொடிவேரி

தறிக்குழி சொல்வது வேலை செய்யும், ஆனால் கட்டங்கள் நான்கு மடங்காகும், அதைவிட, சாலைக்கும் வீட்டுக்கும் நடுவில் அரைக் கட்டச் சந்து விழ ஆரம்பிக்கும். ஆட்டக்காரர்கள் அந்த இடுக்கை அடைக்கவே முடியாமல் திட்டுவார்கள். நோய் வேறு இடத்தில் இருக்கிறது.

நொய்யல்கரை, நீங்கள் மவுஸ் இடத்தை முதலில் கட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் இரட்டைப்படைக் கட்டடம் என்றால் `Mathf.RoundToInt` போடுகிறீர்கள், சரியா? நானும் அதே குழியில் விழுந்து எழுந்தவன்தான். அந்த ஃபங்ஷன் சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணை எப்போதும் மேலே தள்ளாது, பக்கத்தில் இருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும். 6.5 போனால் 6 வரும், 7.5 போனால் 8, 8.5 போனாலும் 8. ஏழு வரவே வராது. கட்டத்தின் நடு எப்போதும் .5 இல்தான் முடியும், ஆகவே கோஸ்ட் இரண்டிரண்டாகத் தாவுகிறது.

இப்போது உங்கள் கிணறு 6ஆம் கட்டத்தில் இருப்பதாக வையுங்கள். மவுஸ் 7.3 இல் நிற்கிறது. கட்டத்தின் நடு 7.5, ரவுண்ட் செய்தால் 8, கோஸ்ட்டின் மையம் 8, அது பிடிப்பது 7, 8ஆம் கட்டங்கள். இரண்டும் காலி, பச்சை. வைக்கும் இடத்தில் நீங்கள் வேறு கணக்குப் போட்டிருப்பீர்கள், அநேகமாக மவுஸின் கட்டத்தில் ஒன்றைக் கழித்து. 7இல் ஒன்று போனால் 6. மண்டி பிடிப்பது 6, 7. கிணறு போச்சு. இதே மவுஸ் 6.4 இல் இருந்தால் இரண்டு கணக்கும் 5, 6 என்று ஒத்துப்போகும், அதனால்தான் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் சரியாக வந்து உங்களை ஏமாற்றியிருக்கும்.

மையத்தை விட்டுவிட்டு மூலைக் கட்டத்தைக் கண்டுபிடியுங்கள். ஒற்றைக்கும் இரட்டைக்கும் இதே கணக்குதான்:

```
int ox = Mathf.FloorToInt(p.x - w / 2f + 0.5f);
int oz = Mathf.FloorToInt(p.z - d / 2f + 0.5f);
```

`p` என்பது மவுஸ் தரையைத் தொடும் இடம், ஸ்னாப் செய்யாதது. `w`, `d` கட்டடத்தின் அகலமும் ஆழமும். 7.3க்கு 6 வரும், கிணறு தட்டும், சிவப்பு. மவுஸை 7.6க்குத் தள்ளினால் 7 வரும், பச்சை. `FloorToInt`க்குப் பதிலாக வெறும் `(int)` போட்டுவிடாதீர்கள், அது பூஜ்யத்தை நோக்கி வெட்டும், வரைபடத்தின் மைனஸ் பக்கம் எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போகும்.

நொய்யல்கரை

அண்ணா, அப்படியேதான் எழுதியிருந்தேன், ஒன்றைக் கழித்ததுகூட. அதுவும் கோஸ்ட் பச்சை என்றால் வைத்துவிடு என்று விட்டிருந்தேன், வைக்கும்போது காலியா என்று பார்க்கவே இல்லை.

கொடிவேரி

அதுதான் பெரிய தப்பு. கட்டங்களின் பட்டியலைத் தருகிற ஃபங்ஷன் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும், கோஸ்ட்டும் அதையே கேட்கணும், கிளிக்கும் அதையே கேட்கணும். கிளிக் நேரத்தில் இன்னொரு முறை சோதிக்கவும் வேண்டும், ஏனென்றால் கோஸ்ட் வரைந்ததற்கும் கிளிக்குக்கும் நடுவில் காசு தீர்ந்திருக்கலாம், ஒரு மாட்டு வண்டி உள்ளே வந்திருக்கலாம்.

பவானி ஓரம்

என் கதை வேறு. கோஸ்ட்டை அசல் கட்டடத்தின் பிரீஃபாபிலிருந்தே எடுத்தேன், கொலைடரோடு. மவுஸிலிருந்து போகிற ரே தரையில் படாமல் கோஸ்ட்டின் கூரையிலேயே பட்டு, கோஸ்ட் கேமராவை நோக்கி ஊர்ந்து வந்தது, பிறகு ரே தப்பியதும் பின்னால் குதித்தது, நிமிடத்துக்கு நூறு தடவை நடுங்கியது. பேய் என்று பெயர் வைத்ததற்குப் பேயாகவே ஆடியது. கொலைடரை எடுத்துவிட்டு, ரே தரை லேயரை மட்டும் பார்க்கும்படி மாற்றியதும் அடங்கிவிட்டது.

சாயப்பட்டறை

நான் விளையாடுகிறவன் மட்டும்தான், செய்கிறவன் இல்லை. எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரியாது. (குடும்பமே திருப்பூரில் சாயத் தொழில், எனக்கு இந்தக் கண். சிரிக்காதீங்க.) உங்கள் பச்சை, சிவப்பு இரண்டுமே எனக்கு ஒரே மாதிரிப் பழுப்பு, வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். ஒரு விளையாட்டில் இடிக்கிற கட்டத்தில் மட்டும் குறுக்குக் கோடு போட்டு, மவுஸுக்குப் பக்கத்தில் "கிணறு இருக்கிறது" என்று எழுதியும் காட்டினார்கள். முழுக் கட்டடத்தையும் சிவப்பாக்கினால் எந்த மூலை தட்டுகிறது என்று நல்ல கண் உள்ளவனுக்கும் தெரியாதே.

நொய்யல்கரை

இது எனக்குத் தோன்றவே இல்லை. பட்டியல்தான் கையில் இருக்கிறதே, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏன் ஆகாது என்ற காரணத்தையும் சேர்த்தே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

நேற்று ராத்திரி மாற்றினேன். மண்டி ஒவ்வொரு கட்டமாக நகர்கிறது, கிணறு பிழைத்தது. ஆனால் 3×2 தறிக்குடோனை `R` அழுத்தித் திருப்பினால் அரைக் கட்டம் துள்ளுகிறது. மவுஸ் 7.3, 4.6 இல் இருக்கும்போது மையம் 7.5, 5 ஆக இருந்தது, திருப்பியதும் 7, 4.5. இது என் பிழையா?

கொடிவேரி

பிழை இல்லை. ஒரு பக்கம் ஒற்றை, ஒரு பக்கம் இரட்டை என்றால் திருப்பும்போது மையம் கட்டத்தின் நடுவிலிருந்து கோட்டுக்கு மாறித்தான் ஆகணும். அகலத்தையும் ஆழத்தையும் மாற்றிப் போட்டு அதே கணக்கை மறுபடி போட்டாலே போதும், மூலையைப் பிடித்து மாடலைச் சுழற்றினால்தான் வேறு கட்டத்துக்கு ஓடிவிடும். துள்ளலைக் கால் நொடியில் மெதுவாக நகர்த்திக் காட்டலாம்.

தறிக்குழி

மெதுவாக நகர்ந்தால் கண் ஒரு இடத்தைப் பார்க்கும், கிளிக் இன்னொரு இடத்தில் விழும். நான் வைத்துப் பார்த்து எடுத்துவிட்டேன். அரைக் கட்டமாக இருந்தால் இந்தத் துள்ளலும் இருக்காது, சொன்னால் கேட்க மாட்டீங்க.

கொடிவேரி

துள்ளல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான், மறுக்கவில்லை. சந்துக்கு என்ன செய்வீர்கள்?

நொய்யல்கரை

நீங்க பேசி முடிங்க. நான் இப்போதைக்குத் தறிக்குடோனை 4×2 ஆக்கிவிட்டேன். தறி இன்னும் நாலு போடலாம்.