மழைச் சோப்பும் வெயில் தைலமும்: சரக்கு திட்டமிட்டதில் நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள்

மயிலாடுதுறை சோப்புக்காரி
போன வருடம் நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் முதல் மழை விழுந்ததும்தான் மழைக்காலச் சோப்பு நினைவுக்கு வந்தது. அவசரமாக 180 வேப்பெண்ணெய்ச் சோப்பு ஊற்றினேன், கோல்டு பிராசஸ் முறையில். நான்கு வாரம் காய வைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி அனுப்பினேன். பத்தே நாளில் புகைப்படங்கள் வர ஆரம்பித்தன. தாளுக்கு உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். சிலதில் ஆரஞ்சுப் புள்ளி, பழைய எண்ணெய் வாடை. 40 சோப்பு திரும்பி வந்தது.

அப்புறம்தான் எடைக் குறிப்பைப் புரட்டினேன். ஜூனில் ஊற்றிய இதே சோப்பு, வெட்டும்போது 115 கிராம், ஐந்தாம் வாரம் 101 கிராம். அக்டோபரில் ஊற்றியது ஐந்தாம் வாரத்திலும் 110-இல் நின்றது. ஈரம் வெளியே போகவே இல்லை. நான்தான் நாளை எண்ணினேனே தவிர எடையைப் பார்க்கவில்லை.

வெயிலிலும் ஒரு அடி. தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்த பாதத் தைலத்தை ஏப்ரலில் வேலூருக்கு அனுப்பினேன். டப்பா திறக்கும்போது எண்ணெயாக வழிந்ததாம். இந்த வருடம் இரண்டு பருவத்துக்கும் முன்கூட்டியே சரக்கு முடிவு செய்யப் போகிறேன். உங்களுக்கு எப்படி நடந்தது?

பொள்ளாச்சி அக்கா
பதினோரு வருடமாக இதே வேலை செய்கிறேன், தங்கச்சி. உங்கள் சோப்பில் குறையில்லை, தேதிதான் தவறு. பருவத்துக்கு என்ன சரக்கு என்று யோசிப்பதற்கு முன், கடையில் என்றைக்கு இருக்க வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரம் பிடிக்கும். கடைக்காரர் கையில் அக்டோபர் முதல் தேதி சரக்கு இருக்க வேண்டும். சுற்றி ஒட்ட ஒரு வாரம். காய ஆறு வாரம். கணக்குப் போட்டால் ஆகஸ்ட் பாதி வரும், கைக்காவலாக முதல் வாரமே ஊற்றி முடித்திருக்க வேண்டும். வெயில் சரக்கு மார்ச் பாதியில் வேண்டுமென்றால், பொங்கல் முடிந்த கையோடு ஊற்றிவிடுங்கள். நவம்பரில் நான் சோப்பே ஊற்றுவதில்லை. அந்த மாதம் பேக்கிங், கணக்கு, லேபிள் வேலை மட்டும்தான்.

ஒவ்வொரு தடவையும் மூன்று சோப்பில் பென்சிலால் எண் போட்டு வாரம் ஒருமுறை எடை போடுவேன். இரண்டு வாரம் தொடர்ந்து எடை அசையாமல் இருந்தால்தான் சுற்றுவேன், அதுவும் காகிதத்தில். சோப்பு உருவாகும்போதே கிளிசரின் அதற்குள் உண்டாகிவிடுகிறது, அது காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரச் சோப்பைப் பிளாஸ்டிக்கில் அடைத்தால் அந்தத் தண்ணீருக்குப் போக இடமில்லை. மழை நாளில் அறை ஜன்னலைத் திறந்து வைப்பதும் கூடாது. காற்று வரட்டும் என்று நினைத்து நானும் ஒரு வருடம் அந்தத் தப்பைச் செய்தேன்.

ஈரோடு தம்பி
தைலத்துக்கு வழி சுலபம் அக்கா. மெழுகை இரட்டிப்பாக்கினால் போதும். எனக்கு ஒரு பங்கு மெழுகு, ஐந்து பங்கு எண்ணெய் என்றுதான் இருந்தது. இப்போது இரண்டுக்கு ஐந்து, உருகுவதே இல்லை. மழைக்காலத்துக்கு வேப்பெண்ணெய்ச் சோப்பில் ‘சேற்றுப்புண் ஆறும்’ என்று போட்டால் நன்றாக ஓடும்.

பொள்ளாச்சி அக்கா
தம்பி, உருகாது என்பது சரி. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே இளகிவிடும், தேன்மெழுகு 62-க்கு மேல் போக வேண்டும், அதனால் மெழுகு கூடக் கூடத் தைலம் நிற்கும். ஆனால் நீங்கள் சொல்லும் அளவில் அது தைலமாக இராது, மெழுகுவர்த்தி மாதிரி இழுபடும். குதிகாலில் தேய்த்துப் பாருங்கள். ஒரு பங்குக்கு மூன்று பங்கு எண்ணெய் எனக்கு ஒத்துவந்தது. அதையும் மே மாதம் ஸ்கூட்டர் டிக்கியில் ஒரு மதியம் வைத்துப் பார்த்த பிறகுதான் அனுப்பினேன். அதைவிட முக்கியம், வெயில் காலத்தில் உடம்புக்குப் பூசும் தைலமே என் சரக்கில் கிடையாது. வியர்வை வழி அடைபட்டுத்தான் வேர்க்குரு வருகிறது, அதன் மேல் மெழுகைப் பூசினால் இன்னும் அடைக்கும். வெடித்த குதிகாலுக்கு மட்டும் சின்ன டப்பா வைத்திருக்கிறேன்.

மருந்துக்கடை, தஞ்சாவூர் பக்கம்
ஈரோட்டுத் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘ஆறும்’, ‘குணமாகும்’ என்று லேபிளில் எழுதினால் அது அழகுசாதனக் கணக்கில் வராது, மருந்தாகிவிடும். அதற்கு உரிமமே வேறு. அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. நடவு முடித்து வரும் பெண்கள் விரலிடுக்கைக் காட்டி ஏதாவது கேட்பார்கள். வெள்ளையாக ஊறி, தோல் உரிந்து இருக்கும். சோப்பை நம்பி ஒரு மாதம் போக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் பூசிப் பெரிதாக்கிக்கொண்டவர்களும் நிறைய. அரிப்பு அடங்கியதும் ஆறிவிட்டதென்று நினைத்துவிடுகிறார்கள், உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். விளிம்பு தடித்து வட்டமாகப் போகிற தோலைக் கண்டால் சரக்கை விற்காதீர்கள், தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா
என் சின்னவனுக்குக் கழுத்தைச் சுற்றி வேர்க்குரு, ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. மேலே சொன்ன வேப்பெண்ணெய்ச் சோப்பு போடலாமா? எங்கே கிடைக்கும்?

மருந்துக்கடை, தஞ்சாவூர் பக்கம்
அம்மா, இங்கே விற்பவர்கள் சரக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைக்குப் புதுச் சோப்பு எதுவும் வேண்டாம். பருத்திச் சட்டை, காற்று, வெறும் தண்ணீர்க் குளியல் போதும். எண்ணெய் பூசாதீர்கள். சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

நாகர்கோவில் நலங்குமாவு
எங்கள் ஊருக்கு அந்தக் காலண்டர் ஒத்துவராது. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொன்று. அதனால் மழைச் சரக்கு இரண்டு முறை வேண்டும். எனக்கு நலங்குமாவுதான் தொல்லை. ஜூலையில் அரைத்த பாசிப்பயறு மாவில் மூன்றாம் வாரம் வண்டு. இப்போது பயறை வெயிலில் காய வைத்த பிறகும் லேசாக வறுத்து ஆறவிட்டு அரைக்கிறேன், மூன்று வாரத்துக்கு வேண்டியது மட்டும். கைப்பிடி மாவை இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நின்றால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கு அடைக்க மாட்டேன். விரலிடுக்குக்குப் போடும் பவுடருக்குக் கூவைக்கிழங்கு மாவு சேர்க்கலாம் என்று இருக்கிறேன். யாராவது செய்திருக்கிறீர்களா?

பொள்ளாச்சி அக்கா
மாவுச்சத்து ஈரத்தில் ஊறினால் பூஞ்சைக்குத் தீனியாகிவிடும் என்ற பயத்தில் நான் தொடவில்லை.

ஈரோடு தம்பி
நான் இரண்டு மழைக்காலமாக விற்கிறேன் அக்கா, யாரும் குறை சொல்லவில்லை. லேபிள் வாசகத்தை மட்டும் எடுத்துவிடுகிறேன்.

மயிலாடுதுறை சோப்புக்காரி
எல்லோருக்கும் நன்றி. நோட்டில் எழுதியாகிவிட்டது. ஆகஸ்ட் முதல் வாரம் 120 சோப்பு, வேப்பெண்ணெய் பதினைந்து சதவீதத்துக்கு மேல் போகாமல். லேபிளில் ‘மழைக்காலக் குளியல் சோப்பு’ என்று மட்டும் இருக்கும். பொங்கலுக்கு அடுத்த வாரம் வெட்டிவேர்ச் சோப்பு 150. தைலம் குதிகாலுக்கு மட்டும், ஒன்றுக்கு மூன்று. டிக்கிச் சோதனையை நாளைக்கே செய்து பார்க்கிறேன். விரலிடுக்குப் பவுடர் இந்த வருடம் வேண்டாம் என்று விட்டிருக்கிறேன். பழைய 40 சோப்பில் புள்ளி விழாததைத் துருவித் துணி துவைக்க எடுத்துக்கொண்டேன். புள்ளி விழுந்ததை என்ன செய்யலாம் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.