மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 30 வரை நீட்டிப்பா? அந்தப் போட்டோ பற்றி

தங்கச்சிமடம் தம்பி: ஜூன் 14-க்குப் பதிலாக ஜூன் 30 வரை தடைக்காலம் என்று மீன்வளத்துறை கடிதம் குரூப்பில் சுற்றுகிறது. முத்திரையே இருக்கிறது, இதைப் போய்ப் பொய் என்கிறார்கள் சில மேதாவிகள். எப்படி?

பழைய எழுத்தர்: அந்த மேதாவி நான்தான். ந.க.எண். 417/2025 என்று நிற்கிறது. நடுவில் பிரிவு எழுத்து எங்கே? 417/அ2/2025 என்று இருந்தால், அ2 இருக்கையில் இருப்பவரின் கோப்பு என்று கேட்டுப் பார்க்கலாம். இதில் யாரைக் கேட்பது?

பாம்பன் கரை: எண்ணை விடுங்கள். முத்திரை கையெழுத்தைத் தொட வேண்டும். இதில் தள்ளி இடப்பக்கம் கிடக்கிறது. போலி.

பழைய எழுத்தர்: தொட வேண்டும் என்று யார் சொன்னது? ஓரமாகக் குத்திய உண்மைக் கடிதங்கள் ஆயிரம் பார்த்திருக்கிறேன். இடத்தைப் பார்க்காதீர்கள், வடிவத்தைப் பாருங்கள். போட்டோ சரிவாக எடுத்தது. தாளின் மேல்பக்கம் குறுகுகிறது, எழுத்து வரிகளும் கூடவே சரிகின்றன. முத்திரை மட்டும் தட்டையாக, முழு வட்டமாக இருக்கிறது. தாள் மடிந்த கோட்டில் எழுத்து வளைகிறது, முத்திரை வளையவில்லை. போட்டோ எடுத்த பிறகு ஒட்டியது.

பாம்பன் கரை: ஆக போலி. அதைத்தானே நானும் சொன்னேன், முத்திரை தொடவில்லை என்று.

தொண்டி அண்ணாச்சி: எங்கம்மா பென்ஷன் கடிதத்திலும் பிரிவு எழுத்து கிடையாது. பணம் வந்துகொண்டுதான் இருக்கிறது. கணினிக் கோப்பு வந்த பிறகு எண்ணே வேறு மாதிரி.

பழைய எழுத்தர்: அண்ணாச்சி, அது சரி. எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டேன். ஆனால் ‘பொருள்’ இருக்கிறது, எந்த உத்தரவின்படி என்று காட்டும் ‘பார்வை’ இல்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் என்பது அரசு போட்ட தடை. அதை நீட்ட உதவி இயக்குநரால் முடியாது, அரசாணை வர வேண்டும். வந்திருந்தால் அதன் எண் பார்வையில் நிற்கும். தலைப்பில் வேறு வெறும் சிங்கத்தூண்! நம் அரசுச் சின்னத்தில் கோபுரம் அல்லவா இருக்கும்?

தங்கச்சிமடம் தம்பி: அவசரத்தில் சின்னத்தை மாற்றிப் போட்டிருப்பார்கள். இவருக்கு எல்லாமே குறைதான். போன வருசம் காற்று எச்சரிக்கை வந்தபோதும் பொய் என்றீர்கள், கடலுக்குப் போகும் டோக்கனை நிறுத்தினார்களா இல்லையா?

பழைய எழுத்தர்: அப்போது தேதியைத்தான் கேட்டேன், பொய் என்று சொல்லவே இல்லை. பழைய பதிவைத் தேடிப் பார், தம்பி.

பாம்பன் கரை: முத்திரை தொடவில்லை. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

தொண்டி அண்ணாச்சி: தடை நிவாரணம் இன்னும் வராதவர்கள் யார் யார்? அதையாவது பேசுங்களேன்.

தங்கச்சிமடம் தம்பி: அதற்கும் ந.க.எண் கேட்பார்.

பழைய எழுத்தர்: கேட்பேன். கூடவே பார்வையும்.