புதுப்பிப்பு: கார்டு பாக்கியும் அவளோட எஃப்.டி.யும்

“பெங்களூருல புதுக் குடித்தனம். என் கிரெடிட் கார்டு பாக்கி 1,60,000. ரெண்டு சம்பளத்தையும் ஒண்ணாப் போட்டு அடைக்கிறதா, வீட்டுச் செலவை மட்டும் பங்கு போடுறதா?”

அடைச்சாச்சு, ஆனா சம்பளத்திலிருந்து இல்லை. வங்கியில வேலை பார்த்த அண்ணன் ஒருத்தர் சொன்ன வழி: மனைவியோட 2,50,000 ரூபாய் எஃப்.டி.யை உடைக்காம, அது மேலேயே கடன். எஃப்.டி.க்கு வருஷத்துக்கு 7 சதவீதம் வந்துட்டே இருக்கு, கடனுக்கு வருஷத்துக்கு 8. கார்டுல மாசம் 3.5 சதவீதம்னு 5,600 ரூபாய் வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற. இப்போ மாச வட்டி ஆயிரத்துச் சொச்சம்தான்.

‘மினிமம் கட்டினாப் போதும், சிபில் கெடாது’ன்னு ஒருத்தர் சொன்னது பாதி சரி. தாமதம்னு பதிவாகாது. ஆனா பாக்கி நிக்கிற வரைக்கும் வட்டியில்லாத நாள் சலுகை கிடையாது. மளிகைக்குத் தேய்ச்ச 900 ரூபாய்க்கும் அன்னிலேர்ந்தே வட்டி ஓடுது. ஸ்டேட்மென்ட்ல ஃபைனான்ஸ் சார்ஜஸ் வரியைப் பாருங்க.

‘பொண்ணு நகையில கை வைக்காதே’ன்னு பதறின அக்காவுக்கு: நாங்க நகைப் பேச்சே எடுக்கலை!

கடன் அவ பேர்ல இருக்கு. அதனால என் சம்பளம் வந்த மறுநாள் 15,000 அவ கணக்குக்குத் தானாப் போயிடும். வாடகை, மளிகை எல்லாம் சம்பள விகிதத்துல. ஊருக்கு அனுப்புற பணம் பொதுக் கணக்கிலிருந்தா, தனித்தனியாவான்னு இன்னும் இழுபறி. அடுத்த மாசம் மாமனார் வர்றார். அதுவரை அந்தப் பேச்சு வேண்டாம்னு மட்டும் ஒத்துக்கிட்டோம்.