அரிசி எல்லாம் ஒண்டுதானே எண்டுற சனத்திட்ட உங்கட அரிசியை எப்பிடி வித்தனீங்கள்?

பரந்தன் மில்: கிளிநொச்சிப் பக்கம் ஒரே நாட்டரிசியைத்தான் எல்லாரும் விக்கிறம், கடையில நிண்டு பாத்தால் சனம் விலையைக் கேட்டிட்டுப் போகுது, பேக்கில என்ன படம் இருக்கெண்டு ஆரும் பாக்கேல்ல. ஆனா வாங்கின ஆக்களிட்டக் கதைச்சால் ஒரே முறைப்பாடு, போனமுறை சோறு உதிரியா வந்தது, இந்தமுறை குழைஞ்சு போச்சு. காரணம் புதுநெல்லும் பழைய நெல்லும் கலந்து குத்துறது, புதுநெல்லுக்குத் தண்ணி குறைய வேணும், பழசுக்குக் கூட வேணும். நாங்கள் இப்ப காலபோக நெல்லைத் தனிய அடுக்கி வைச்சு, ஒவ்வொரு அடுக்கிலயும் ஒரு சுண்டு குத்தி அவிச்சுப் பாத்துப்போட்டுத்தான் மூட்டை போடுறம். பேக்கில குத்தின திகதியும் ஒரு சுண்டுக்கு எவ்வளவு தண்ணி எண்டும் எழுதுறம், பழசுக்கு ரெண்டு சுண்டு, புதுசுக்கு ஒண்டேமுக்கால். அதைப் பாத்துத்தான் இப்ப திருப்பி வருகினம்.

வவுனியா அண்ணை: பழசெண்டால் எப்பவும் நல்லதுதான், ஒரு வருசம் வைச்சு வித்தால் போட்டியே இல்லை.

மாங்குளம் கடை: அப்பிடிச் சொல்லேலாது அண்ணை. ஈரத்தோட அடுக்கினால் மஞ்சளடிச்சு மணக்கும், வண்டும் விழும். கடிச்சுப் பாருங்கோ, நெல் டக்கெண்டு உடையவேணும், பல்லில மெத்தெண்டு நசிஞ்சால் இன்னும் காயவைக்கவேணும். மற்றது பொங்கலுக்குக் கேக்கிற ஆக்களுக்குப் புதுப் பச்சையரிசிதான் வேணும், பழசைக் குடுத்தால் திருப்பிக் கொண்டருவினம். என்ர கடையில ஒரு கிலோ பேக்கும் வைச்சிருக்கிறன், அஞ்சு கிலோ புதுசா வாங்க ஆரும் துணிய மாட்டினம்.

முள்ளியவளை அக்கா: நான் செக்கு நல்லெண்ணெய் விக்கிறன், எனக்கும் இதே பிரச்சினைதான். சந்தையில ஒரு போத்திலைத் திறந்து வைச்சிருக்கிறன், மணந்து பாத்தவை கனபேர் வாங்கினவை. நீங்களும் அப்பிடிச் செய்யுங்கோவன்?

பரந்தன் மில்: அக்கா, எண்ணெய் மணக்கும், அரிசி அவிச்சால்தானே தெரியும். அதால கடையில அரிசியை விட ஒரு தட்டு சோத்தை வைக்கிறதுதான் வேலை செய்யும், அதுவும் சனம் கூடுற சந்தை நாளில மட்டும்.

மாங்குளம் கடை: இதில ஒரு சிக்கல் இருக்கு. நாட்டரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை வந்தால் நீங்கள் வைச்சுப் பழசாக்கின செலவை எதில எடுப்பியள்? மேல வைக்கேலாது. மொட்டைக்கருப்பன் மாதிரிப் பேர் சொல்லிக் கேக்கிற அரிசியெண்டால் வேற, புட்டுக்குத் தேடி வந்து வாங்குவினம்.

பரந்தன் மில்: உண்மைதான். நாங்கள் கூட விலைக்கு விக்கேல்ல, அதே ஆக்கள் மாசாமாசம் வாறதில மட்டும்தான் சமாளிக்கிறம். மொட்டைக்கருப்பன் செய்ய விருப்பம், ஆனா விளைச்சல் குறைவெண்டு கமக்காரர் விதைக்க யோசிக்கினம். ஆராவது முன்பணம் குடுத்து விதைப்பிச்சனீங்களோ?

வவுனியா அண்ணை: அதை நானும் அறிய விருப்பம்.